கடைசியாக ஏறுபவருக்குச் சுற்று இல்லை

கானாடுகாத்தானிலிருந்து காலை 8 மணிக்கு ஒரு கார் காரைக்குடி அலுவலகத்துக்குக் கிளம்புகிறது. பள்ளத்தூர், புதுவயல், கோட்டையூர் ஆகிய ஊர்களில் உடன் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கொருவராக ஏற வேண்டும். யாரை முதலில் ஏற்றுவது?

கணக்குக்காகப் பயண நேரத்தைத் தோராயமாக வைத்துக்கொள்வோம். நேராக அலுவலகம் போக, கானாடுகாத்தானிலிருந்தும் புதுவயலிலிருந்தும் 20 நிமிடம், பள்ளத்தூரிலிருந்து 17, கோட்டையூரிலிருந்து 10. கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூருக்கு 10, அங்கிருந்து கோட்டையூருக்கு 8. புதுவயல் ஒதுக்குப்புறம், பள்ளத்தூரிலிருந்தும் கோட்டையூரிலிருந்தும் அதற்கு 13 நிமிடம்.

அடுத்து எது பக்கமோ அங்கே போவதுதான் பலரும் செய்வது. பள்ளத்தூர், கோட்டையூர், பிறகு புதுவயல். மொத்தம் 51 நிமிடம். பத்தே நிமிடத்தில் அலுவலகம் போயிருக்கக்கூடிய கோட்டையூர்க்காரர், காரில் ஏறியதும் அலுவலகத்துக்கு முதுகைக் காட்டிப் புதுவயல் போய், 33 நிமிடம் கழித்து இறங்குகிறார்.

இங்கே அளக்க வேண்டியது கார் ஓடும் நேரத்தை மட்டுமல்ல. ஒவ்வொருவரும் காரில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலிருந்து, அவர் நேராகப் போனால் ஆகும் நேரத்தைக் கழிக்க வேண்டும். மீதிதான் அவருடைய சுற்று. கடைசியாக ஏறுபவருக்கு அது எப்போதும் பூஜ்யம். முதலில் இருப்பவர் எல்லாருடைய சுற்றையும் சுமக்கிறார். ஆகவே அலுவலகத்துக்கு மிகப் பக்கத்தில் இருப்பவரைக் கடைசியில் வைப்பது பெரும்பாலும் பலன் தரும்.

கார்க்காரர் மாறாததால் மூன்று பேரை வரிசைப்படுத்த ஆறே வழிகள். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம். பள்ளத்தூர், புதுவயல், கோட்டையூர் என்ற வரிசைதான் சிறந்தது. மொத்தம் 46 நிமிடம். சுற்று கார்க்காரருக்கு 26, பள்ளத்தூர்க்காரருக்கு 19, புதுவயல்காரருக்கு 3, கோட்டையூர்க்காரருக்கு ஒன்றுமில்லை.

சிறந்த வரிசையிலும் 26 நிமிடம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வரிசையை மாற்றி இதைக் குறைக்க முடியாது. ஏறும் இடத்தை மாற்றினால் முடியும். புதுவயல்காரர் தன் பைக்கில் 13 நிமிடத்தில் கோட்டையூர் வந்து, வண்டியை நண்பர் வீட்டில் நிறுத்திவிட்டு அங்கேயே ஏறட்டும். கார் பள்ளத்தூர், கோட்டையூர் வழியாக 28 நிமிடத்தில் போய்விடும். கார்க்காரரின் சுற்று 8 ஆகிறது, பள்ளத்தூர்க்காரருக்கு 1. புதுவயல்காரருக்கு 13, 10 சேர்ந்து 23 நிமிடம். முன்பு இருந்த அதே 3 நிமிடச் சுற்றுதான். பெட்ரோல் செலவு மட்டும் அவர் தலையில் விழுகிறது. அதை நால்வரும் பகிர்ந்துகொள்வதே முறை.

தவறு நேர்வது போன் செய்யும் நேரத்தில்தான். "பள்ளத்தூர் வந்துவிட்டோம்" என்று சொன்னால் கார் 8 நிமிடத்தில் கோட்டையூரில் நிற்கும். புதுவயல்காரருக்கோ அங்கே வர 13 நிமிடம் வேண்டும். கானாடுகாத்தானில் காரை எடுக்கும்போதே போன் செய்துவிட வேண்டும். அப்போது கார் வர 18 நிமிடம் இருக்கிறது, அவர் 8.05-க்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும்.