ஒரே பைட்டில் ரிலேயும் மிதவையும்: கிணறு வற்றியும் ஓடும் மோட்டர்

விசுவமடு, தர்மபுரம் பக்கத்துத் தோட்டங்களில் கச்சானுக்கும் மிளகாய்க்கும் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் மோட்டர்களுக்கு இப்போது சிறு தன்னியக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பொருத்தி வருகிறார்கள். ஓர் ஆர்டுயினோப் பலகை, எட்டு ரிலேக்கள் வரை இயக்கக்கூடிய ஒரு PCF8574 சிப், மோட்டருக்கு மின்னை இணைக்கவும் துண்டிக்கவும் ஒரு கொண்டக்டர், கிணற்றுக்குள் ஒரு மிதவை ஆளி என்பவைதாம் பெரும்பாலும் அந்தப் பெட்டியில் இருக்கும். பழுதென்று என்னிடம் வரும் இத்தகைய பெட்டிகள் பலவற்றில் ஒரே குறையைக் காண்கிறேன். வயரிங் சரியாக இருக்கும், சிப்பும் நல்ல நிலையில் இருக்கும், ஆனால் ஒரு பைட்டின் பிட்களைக் கையாளும் ஒரேயொரு வரி பிழையாக எழுதப்பட்டிருக்கும். அந்த வரி மோட்டரைத் தண்ணீரில்லாமல் ஓடவிட்டு எரித்துவிடக் கூடியது என்பதால், இது எப்படி நிகழ்கிறது என்பதை இப்படிப்பட்ட பெட்டிகளைச் செய்பவர்களும் வாங்குபவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சிப்பின் இயல்பைச் சொல்லவேண்டும். PCF8574 சிப்பில் P0 முதல் P7 வரை எட்டுக் கால்கள் உள்ளன. அவற்றுக்குத் தனித்தனியாகக் கட்டளை கொடுக்க முடியாது. ஒரு பைட்டை அனுப்பினால் அதன் எட்டுப் பிட்களும் எட்டுக் கால்களுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். ஆகவே இரண்டாம் வால்வை மட்டும் திறக்க விரும்பினாலும் மற்ற ஏழின் நிலையையும் சேர்த்தே அனுப்பவேண்டும். எட்டு நிலைகளை ஒரே பைட்டுக்குள் வைத்துக்கொண்டு, `|`, `&`, `~` ஆகிய செயலிகளால் வேண்டிய பிட்டை மட்டும் மாற்றும் தேவை இங்கேதான் பிறக்கிறது.

ஒரு தோட்டத்துக்கான ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்வோம். பிட் 0 மோட்டரின் கொண்டக்டரை இயக்கும் ரிலே, பிட் 1 முதல் 3 வரை மூன்று பாத்திப் பகுதிகளுக்கான வால்வுகள், பிட் 4 எச்சரிக்கை மணி. மீதி மூன்றும் உள்ளீடுகள்: பிட் 5 கிணற்று மிதவை, பிட் 6 மேல்தாங்கியின் மிதவை, பிட் 7 மோட்டரின் ஓவர்லோட் ரிலே. கடைகளில் கிடைக்கும் ரிலேப் பலகைகளில் பெரும்பாலானவை 0 கொடுத்தால் இயங்கி 1 கொடுத்தால் நிற்பவை. மின்சாரம் வந்தவுடன் PCF8574 தன் எட்டுக் கால்களையும் 1 நிலையில் வைத்தே தொடங்குவதால், மின்வெட்டுக்குப் பிறகு எல்லா ரிலேக்களும் நின்ற நிலையிலேயே இருக்கும். இந்த வகையில் இரண்டும் நன்றாகவே பொருந்துகின்றன.

சிக்கல் உள்ளீடுகளில்தான் இருக்கிறது. இந்தச் சிப்பில் ஒரு கால் உள்ளீடா வெளியீடா என்று தீர்மானிக்கும் தனிப் பதிவகம் கிடையாது. ஒரு காலுக்கு 1 எழுதினால் சிப் அதை மிக மெல்லிய மின்னோட்டத்தால், ஏறத்தாழ 100 மைக்ரோஅம்பியரால் மட்டுமே, மேலே தூக்கிப் பிடிக்கும். மிதவை மூடி அந்தக் காலைக் கிரவுண்டுடன் இணைத்தால் அது எளிதாகக் கீழே இறங்கிவிடும், அப்போது வாசித்தால் 0 கிடைக்கும். ஆனால் அதே காலுக்கு 0 எழுதிவிட்டால் சிப்பே அதைக் கிரவுண்டுடன் பலமாக இணைத்துவிடும், அதன் பிறகு மிதவை திறந்தாலும் மூடினாலும் வாசிப்பு 0 ஆகவே இருக்கும். ஆகவே உள்ளீடாகப் பயன்படும் காலுக்கு எப்போதும் 1 மட்டுமே எழுதவேண்டும்.

பலரும் எழுதும் வரி இந்த விதியை மீறுகிறது:

```
uint8_t b = readChip();
b &= ~0x01;
writeChip(b);
```

சிப்பிலிருந்து பைட்டை வாசித்து, பிட் 0 ஐ மட்டும் 0 ஆக்கி, திரும்ப எழுதுவது பார்வைக்குச் சரியாகவே தெரிகிறது. எட்டுக் கால்களும் ரிலேக்களாக இருந்தால் வழக்கமாக வேலையும் செய்துவிடும். உள்ளீடு கலந்திருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் இருக்கும்போது மிதவை மூடியிருக்கும்படியும், மற்ற இரண்டு உள்ளீடுகளும் திறந்திருக்கும்படியும் வைத்துக்கொள்வோம். வாசித்தால் `11011111`, அதாவது 0xDF கிடைக்கும். பிட் 0 ஐ 0 ஆக்கினால் `11011110`, அதாவது 0xDE. இதை எழுதியவுடன் மோட்டர் ஓடத் தொடங்கும். ஆனால் அதே பைட்டில் பிட் 5 இன் இடத்திலும் 0 இருக்கிறது. மிதவை சொன்ன செய்தியை நாமே கட்டளையாக மாற்றிச் சிப்புக்கு அனுப்பிவிட்டோம். அந்தக் கணத்திலிருந்து சிப் P5 ஐக் கிரவுண்டில் பிடித்து வைத்திருக்கிறது. நீர்மட்டம் இறங்கி மிதவை திறந்தாலும் புரோகிராமுக்குத் “தண்ணீர் உண்டு” என்ற பதில்தான் வரும். மிதவைக் கம்பியை எலி கடித்து அறுத்தாலும் அதே பதில்தான்.

இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஒன்று உண்டு. கம்பி அறுந்தால் மோட்டர் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் அனுபவமுள்ள வயரிங்காரர்கள் “மூடியிருந்தால் பாதுகாப்பு, திறந்தால் ஆபத்து” என்ற முறையில் மிதவையை இணைக்கிறார்கள். அது சரியான முறை. மேற்சொன்ன வரியோ அந்தப் பாதுகாப்பை மோட்டர் முதன்முறை ஓடத் தொடங்கும்போதே செயலிழக்கச் செய்துவிடுகிறது. ஆவணி, புரட்டாசியில் கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போகும்வரை யாருக்கும் இது தெரியப் போவதில்லை. தெரியவரும்போது பம்பின் சீல் காய்ந்து கருகியிருக்கும்.

மிதவை எதிர்முறையில், அதாவது தண்ணீர் குறைந்தால் மூடும்படி இணைக்கப்பட்டிருந்தால் இதே பிழை வேறு முகம் காட்டும். நீர் குறைந்து மோட்டரை நிறுத்தும்போது பிட் 5 இல் 0 எழுதப்பட்டுவிடும், பிறகு கிணறு ஊறி நிறைந்தாலும் மோட்டர் தொடங்காது. “தம்பி, மிதவையை மாத்தியும் சரிவரேல்லை, மெயினை நிப்பாட்டிப் போட்டால் மட்டும் ஓடுது” என்று தோட்டக்காரர் சொன்னால் அந்த ஒரு வாக்கியமே பழுதின் இடத்தைக் காட்டிவிடும். மெயினை நிறுத்தும்போது PCF8574 மின்சாரம் இழந்து மறுபடி எல்லாக் கால்களும் 1 ஆகத் தொடங்குகிறது. இந்தச் சிப்புக்கு ரீசெட் கால் கிடையாது. அதனால் ஆர்டுயினோவின் ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்தினால், புரோகிராம் தொடக்கத்தில் 0xFF எழுதினாலன்றி, சிப் பழைய நிலையிலேயே இருக்கும்.

உறுதிப்படுத்த மல்டிமீட்டர் போதும். 230 வோல்ட் பக்கத்தின் பிரேக்கரை நிறுத்திவிட்டு, கட்டுப்பாட்டுப் பலகைக்கான 5 வோல்ட்டை மட்டும் விட்டுவைக்கவேண்டும். பலகையும் அதே பிரேக்கரிலிருந்துதான் மின் பெறுகிறதென்றால், அதை நிறுத்தினால் பழுதின் அடையாளமே அழிந்துவிடும், எனவே முதலில் வேறு 5 வோல்ட்டைக் கொடுத்துவிட்டே பிரேக்கரைத் தொடவேண்டும். பிறகு மிதவைக் கம்பியை டேர்மினலிலிருந்து கழற்றி, P5 இற்கும் கிரவுண்டுக்கும் இடையில் அளக்கவேண்டும். பதினாறு கால் சிப்பில் P5 பத்தாவது கால், கிரவுண்ட் எட்டாவது கால். 5 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் சிப்பில் குற்றமில்லை, மிதவையையோ கம்பியையோ தேடலாம். கம்பி கழன்றிருந்தும் சுழியத்துக்கு அருகில் காட்டினால், அந்தக் காலைக் கீழே பிடித்திருப்பது சிப்தான்.

திருத்தம் எளிது. ரிலேக்களின் நிலையைச் சிப்பிடம் கேட்கக்கூடாது. அதை நம்முடைய நினைவகத்தில் ஒரு பைட்டாக நாமே வைத்திருக்கவேண்டும், எழுதும் ஒவ்வொரு முறையும் உள்ளீட்டுப் பிட்களை வலிந்து 1 ஆக்கவேண்டும்.

```
const uint8_t IN_MASK = 0xE0;
uint8_t relays = 0;

void sendRelays() {
  uint8_t out = ~relays | IN_MASK;
  Wire.beginTransmission(0x20);
  Wire.write(out);
  Wire.endTransmission();
}
```

`relays` என்பதில் 1 என்றால் இயங்குகிறது என்று பொருள், மனதுக்கும் அதுவே இயல்பு. 0 கொடுத்தால் இயங்கும் பலகைக்கு ஏற்ப அதைத் தலைகீழாக்கும் வேலை `~` மூலம் இந்த ஒரே இடத்தில் நடக்கிறது. 0xE0 என்பது `11100000`, அதை `|` செய்வதால் மேல் மூன்று பிட்களும் எந்த நிலையிலும் 1 ஆகவே போகும். மோட்டரைப் போட `relays |= 0x01;` என்றும், நிறுத்த `relays &= ~0x01;` என்றும் எழுதி, உடனே `sendRelays()` ஐ அழைத்தால் போதும். `|=` எழுதவேண்டிய இடத்தில் வெறும் `=` எழுதினால், மோட்டர் தொடங்கும்போது திறந்திருந்த வால்வுகள் அனைத்தும் மூடிக்கொள்ளும் என்பதையும் கவனிக்கவேண்டும். மூடிய குழாயில் பம்ப் அழுத்திக்கொண்டிருப்பது அதற்கு நல்லதல்ல.

வாசிக்கும் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. கிணறு வற்றினால் மோட்டரை நிறுத்துவதற்காக, சிப்பிலிருந்து வாசித்த பைட்டை `in` இல் வைத்துக்கொண்டு இப்படி எழுதியிருப்பதைப் பார்க்கிறேன்:

```
if (in & 0x20 != 0) stopPump();
```

சி மொழியில் `!=` என்பது `&` ஐ முந்திக்கொள்ளும். முதலில் `0x20 != 0` கணிக்கப்பட்டு 1 ஆகிறது. மிஞ்சுவது `in & 1`, அதாவது பிட் 0, மோட்டரின் சொந்தப் பிட். மோட்டர் ஓடும்போது அந்தப் பிட் 0 என்பதால் நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. மோட்டர் நின்றிருக்கும்போது மட்டும் “நிறுத்து” என்ற கட்டளை வந்துகொண்டிருக்கும். மிதவையை இந்த வரி தொடவே இல்லை. `if ((in & 0x20) != 0)` என்று அடைப்புக்குறி இட்டால் தீர்ந்தது. கொம்பைலர் இதைக் கண்டு எச்சரிக்கும், ஆனால் ஆர்டுயினோ மென்பொருளில் எச்சரிக்கைகள் வழக்கமாக அணைக்கப்பட்டே இருக்கும். அமைப்புப் பகுதியில் அவற்றை முழுமையாகத் திறந்துவிடுவது நல்லது.

கிணற்றிலிருந்து நீண்ட கம்பி வருமிடத்தில் சிப்பின் மெல்லிய மின்னோட்டத்தை மட்டும் நம்பாமல் P5 இற்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் 10 கிலோஓம் தடை ஒன்றைச் சேர்க்கவேண்டும். இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் இடையில் ஓர் ஒப்டோகப்ளர் வைப்பது அதனினும் நல்லது. சிப்புடனான தொடர்பு அறுந்தால் `Wire.read()` தரும் −1 ஐ ஒரு பைட்டில் வைக்கும்போது 0xFF ஆகும். மூடியிருந்தால் பாதுகாப்பு என்ற முறையில் அதற்கு “தண்ணீர் இல்லை” என்றே பொருள் வருவதால், புரோகிராம் மோட்டரைப் போட முனையாது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரை நிறுத்தும் கட்டளை மட்டும் அறுந்த தொடர்பு வழியே போய்ச் சேராது. அதற்காகவே வேறு ஒரு பாதுகாப்பைக் கொண்டக்டரின் கொயிலுடன் நேரடியாகத் தொடராக இணைக்கிறேன்.

பெட்டியைக் கையளிக்கும் நாளில் மோட்டர் நின்றிருக்கும்போது மிதவையைச் சோதித்தால் போதாது. மோட்டரைப் போட்டு, ஒரு வால்வை மாற்றி, அதன் பிறகு ஓட்டத்திலேயே மிதவைக் கம்பியைக் கழற்றிப் பார்க்கவேண்டும். மோட்டர் நிற்கவேண்டும், கம்பியைத் திரும்பப் பூட்டினால் மெயினைத் தொடாமலேயே மறுபடி தொடங்கத் தயாராகவேண்டும். வாங்குபவர் இந்தச் சோதனையைத் தன் கண் முன்னால் செய்துகாட்டும்படி கேட்கலாம், அதற்குப் பிட்களைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.