மார்ஜின் என்பது ‘லாப வரம்பு’ அன்று: மேல்வைப்பும் விலையுள் லாபமும்

வணிகச் செய்திகளில் ‘நிறுவனத்தின் லாப வரம்பு குறைந்தது’ என்று எழுதும் வழக்கம் இப்போது வேரூன்றிவிட்டது. பொருள்களுக்கு விலை சொல்லிக் கொட்டேஷன் தயாரிப்பவர்களுக்கான குறிப்புகளிலும் அதே சொல் நுழைந்திருக்கிறது. அவற்றில் சில, மார்க்அப் என்பதையும் மார்ஜின் என்பதையும் ஒரே ‘லாப வரம்பு’ ஆக்கிவிடுகின்றன. இவை இரண்டும் ஒரே ரூபாயை இரு வேறு அடிப்படைகளில் அளக்கும் சதவீதங்கள். இரண்டையும் ஒரு சொல்லுக்குள் அடைத்தால், விலை சொல்பவர் கையிலிருந்து பணம் போகும்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். அடக்க விலை 80 ரூபாய், விற்பனை விலை 100 ரூபாய் என்றால் லாபம் 20 ரூபாய். அந்த 20 ரூபாயை அடக்கமான 80-இன் மேல் அளந்தால் 25 சதவீதம், அதுவே மார்க்அப். விற்பனை விலையான 100-க்குள் அளந்தால் 20 சதவீதம், அதுவே மார்ஜின். ஆங்கிலத்தில் மார்க்அப் என்பது பொருளின் மேல் குறித்த விலையை உயர்த்தி எழுதுவதைச் சொல்லி வந்த சொல். மார்ஜின், ஓரம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழியில் வந்தது. ஏட்டின் ஓரத்தில் எழுதாமல் விடும் இடத்தைக் குறித்தது, பிறகு செலவுக்கும் வரவுக்கும் இடையில் மிஞ்சும் இடைவெளியையும் குறிக்கலாயிற்று. ‘ஓரம்’ என்ற இந்த மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டதால்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘விளிம்பு’ என்றும் ‘வரம்பு’ என்றும் போனார்கள்.

தமிழில் வரம்பு என்பது வயலின் கரை. அதிலிருந்து, மீறக்கூடாத எல்லை என்ற பொருள் வந்தது. வயது வரம்பு, வேக வரம்பு, வருமான வரம்பு என எதைச் சொன்னாலும் அதற்கு மேல் போகக் கூடாது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே ‘லாப வரம்பு 30 சதவீதம்’ என்று படிக்கும் ஒரு கடைக்காரர், 30-க்கு மேல் லாபம் வைக்கக் கூடாது என்று எவரோ விதித்திருப்பதாகப் புரிந்துகொண்டால் தவறு அவருடையது அன்று, சொல்லினுடையது. அரசு மெய்யாகவே வணிகரின் லாபத்துக்கு எல்லை கட்டும்போது இச்சொல் முற்றிலும் நொறுங்கிவிடுகிறது: ‘லாப வரம்புக்கு வரம்பு’ என்று எழுத வேண்டிய நிலை. ‘லாப விளிம்பு’ இதைவிட மோசம். வரம்பு தவறான பொருளையாவது தருகிறது. விளிம்பு எந்தப் பொருளையும் தருவதில்லை.

சிலர் இதைத் தவிர்க்க ‘லாப சதவீதம்’ என்று எழுதுகிறார்கள். எளிய தமிழ்தான் என்றாலும், அது முன்பே வேறொரு வேலையில் அமர்ந்திருக்கும் சொல். நம் பள்ளிக் கணக்குப் புத்தகங்களில் லாப சதவீதம் என்றால் லாபத்தை அடக்க விலையால் வகுத்து நூறால் பெருக்குவது. அதாவது பள்ளியில் நாம் கற்ற லாப சதவீதம் மார்க்அப்பே. நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் வரும் சதவீதமோ விற்பனை வருவாயின் மேல் கணக்கிடப்படுவது. பள்ளிக் கணக்கு மனத்தில் பதிந்த ஒருவர் அறிக்கையில் ‘20 சதவீத லாபம்’ என்று படித்தால், 100 ரூபாய்ச் செலவுக்கு 20 ரூபாய் கிடைத்தது என்றே நினைப்பார். உண்மையில் கிடைத்தது 25 ரூபாய்.

இந்தக் குழப்பம் விலை சொல்லும் இடத்தில் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்காகவே பார்க்கலாம். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஒரு பெட்டி அவருக்கு 60 ரூபாய் அடக்கம். தன் லாபம் 10 ரூபாய் சேர்த்து 70-க்குக் கடைக்குக் கொடுக்க விரும்புகிறார். வரியை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம். பெரிய கடை ஒன்று ‘எங்களுக்கு 30 சதவீத மார்ஜின் வேண்டும்’ என்கிறது. அவர் 70-க்கு 30 சதவீதம் 21 என்று கணக்கிட்டு, பெட்டியின் மேல் 91 ரூபாய் என்று அச்சிட்டுவிடுகிறார். கடைக்காரர் பில் போடும்போது 91-இல் 30 சதவீதம் 27.30 என்று கழித்து, 63.70 மட்டும் கொடுக்கிறார். கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர் கேட்டது அதைத்தான். செய்தவருக்கோ பெட்டிக்கு 10 ரூபாய் என்று எண்ணிய லாபம் 3.70 ஆகச் சுருங்கிவிட்டது. விலையோ பெட்டியில் அச்சாகிவிட்டது.

அவர் செய்திருக்க வேண்டியது கூட்டல் அன்று, வகுத்தல். கடைக்காரருக்கு விலையில் 30 பங்கு போனால் தனக்கு மிஞ்சுவது 70 பங்கு. அந்த 70 பங்குதான் 70 ரூபாய். ஆகவே 70-ஐ 0.70-ஆல் வகுத்தால் 100 ரூபாய். இந்த 30 சதவீத மார்ஜினை மார்க்அப்பாக மாற்றினால் 30-ஐ 70-ஆல் வகுக்க வேண்டும்; 42.86 சதவீதம் வருகிறது. பொதுவாகச் சொன்னால், மார்ஜினை மார்க்அப்பாக்க, அதை நூறிலிருந்து கழித்து வரும் மீதியால் வகுக்க வேண்டும்; மார்க்அப்பை மார்ஜினாக்க, அதை நூறோடு கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். இரண்டிலும் விடையை நூறால் பெருக்கினால் சதவீதம்.

கால்குலேட்டர் இல்லாமலும் செய்யலாம். பின்னமாகப் பார்த்தால் மிக எளிது. அடக்கத்தில் நான்கில் ஒரு பங்கை மேலே வைத்தால், விலை ஐந்து பங்காகிறது. அதில் லாபம் ஐந்தில் ஒன்று. மூன்றில் ஒன்று வைத்தால் விலையில் நான்கில் ஒன்று. பாதி வைத்தால் விலையில் மூன்றில் ஒன்று. அடக்க அளவே வைத்தால் விலையில் பாதி. மார்க்அப் பின்னத்தின் கீழெண்ணோடு மேலெண்ணைக் கூட்டினால் மார்ஜின், மார்ஜின் பின்னத்தின் கீழெண்ணிலிருந்து மேலெண்ணைக் கழித்தால் மார்க்அப். அடக்கத்தில் ஐந்தில் இரண்டு வைப்பவருக்கு விலையில் ஏழில் இரண்டு.

சிறிய சதவீதங்களில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. 5 சதவீதம் மேலே வைத்தால் விலையில் 4.76. அரிசி, பருப்பு, சர்க்கரை என மெல்லிய லாபத்தில் விற்பவர்கள் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக் காலம் தள்ள முடிவது அதனால்தான். அவர்களே பரிசுப் பொருளோ துணியோ விற்கத் தொடங்கி, 50 சதவீதம் என்று பேசும்போது, அது விலையில் 33.33 ஆக நிற்கும். தள்ளுபடியிலும் இதே பள்ளம் உண்டு. 100 ரூபாய் அடக்கத்தின் மேல் 25 சதவீதம் வைத்து 125 என்று விலை போட்டவர், 25 சதவீதம் தள்ளுபடி தந்தால் முதலுக்கு மோசமில்லை என்று நினைப்பார். விலை 93.75-க்கு இறங்கி, 6.25 கையிலிருந்து போகும். அவர் முதலைக் காத்துக்கொண்டு தரக்கூடிய தள்ளுபடி 20 சதவீதமே.

ஆங்கிலத்திலேயே இச்சொற்கள் சட்டமாக எழுதப்படும் இடத்தில்கூட நிலையாக நிற்பதில்லை என்பதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டும். இந்திய அரசின் 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, உச்ச விலை நிர்ணயிக்கும்போது சில்லறை விற்பனையாளருக்கு 16 சதவீத மார்ஜின் அனுமதிக்கிறது. ஆனால் அந்த 16 சதவீதம், சில்லறைக் கடைக்காரர் வாங்கும் விலையின் மேல் சேர்க்கப்படுவது. வாங்கும் விலை 100 என்றால் உச்ச விலை வரிக்கு முன் 116. அதற்குள் கடைக்காரரின் பங்கு 13.79 சதவீதம்தான். ஆணை மார்ஜின் என்று அழைப்பது, கணக்கில் மார்க்அப். இதை ‘16 சதவீத லாப வரம்பு’ என்று எழுதும் மொழிபெயர்ப்பில், எதன் மேல் 16 என்ற ஒரே முக்கியமான செய்தி காணாமல் போகிறது. சொல்லுக்குச் சொல் வைப்பவர் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பிழை நேராது.

அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது? தூய தமிழை விரும்பும் நண்பர்கள் ‘ஊதியம்’ என்ற பழஞ்சொல்லை மீட்கச் சொல்கிறார்கள். ‘முதலிலார்க்கு ஊதியமில்லை’ என்று குறளில் வரும் ஊதியம் லாபமே. லாபம் வடசொல் என்பதும் உண்மை. எனினும் இன்று ஊதியம் என்றால் சம்பளம். அதைத் திருப்பி இழுத்தால் கொட்டேஷனில் கூலியும் லாபமும் கலந்துவிடும். தூய்மையை நானும் விரும்புகிறேன். கணக்குச் சொல்லில் தெளிவுக்கே முதலிடம்.

வணிகர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் தொடரிலிருந்தே சொல்லை எடுக்கலாம் என்பது என் கருத்து. ‘அடக்கத்துக்கு மேல் இவ்வளவு வைத்து விற்கிறோம்’ என்று அவர்கள் சொல்வது மார்க்அப்பைத்தான். ஆகவே அது மேல்வைப்பு. வங்கியில் போடும் வைப்புத்தொகையோடு குழம்பும் என்பார்கள். ‘மேல்’ என்ற முன்னொட்டு அந்த ஐயத்தை நீக்கிவிடும். மார்ஜினை ‘லாபப் பங்கு’ என்னலாமா என்று முதலில் தோன்றும். ஆனால் கூட்டாளிகளுக்குள் லாபத்தைப் பிரிக்கும் பங்கையே அது நினைவூட்டும். விலைக்குள் அடங்கியிருக்கும் லாபம் என்பதால் ‘விலையுள் லாபம்’ என்பதே பொருந்தும். ‘மேல்’ என்றால் அடக்கத்தின் மேல், ‘உள்’ என்றால் விலைக்குள். எந்தத் தொகையால் வகுக்க வேண்டும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. மேல்வைப்பு 100-ஐயும் தாண்டலாம். விலையுள் லாபம், அடக்கம் என்று ஒன்று இருக்கும் வரை 100-ஐத் தொட முடியாது. எனவே ஒருவர் ‘150 சதவீத மார்ஜின்’ என்றால் அவர் மேல்வைப்பைச் சொல்கிறார் என்று கேட்ட உடனே அறியலாம்.

இச்சொற்கள் ஊன்றும் வரை, கடைக்குக் கொடுக்கும் விலைத்தாளில் சதவீதத்தைத் தனியாக நிற்க விடாமல், அடிப்படையையும் ரூபாயையும் சேர்த்தே எழுத வேண்டும்: ‘எங்கள் விலை 70 ரூபாய், விற்பனை விலை 100 ரூபாய், அதனுள் கடைக்கு 30 ரூபாய், அதாவது விற்பனை விலையில் 30 சதவீதம், எங்கள் விலையின் மேல் 42.86 சதவீதம்.’