பின்சக்கரத்தின் நடுவில் ஒரு பிறந்த தேதி

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் தன் தாத்தாவின் ராலி சைக்கிளைப் பல கோணங்களில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். முன்பக்கத் தலைக்குழாயில் நாரைப் பட்டயம், கம்பி பிரேக், பின்சக்கரத்தில் மூன்று கியர். "1948இல் வாங்கியது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது அவர் கேள்வி.

ஃபிரேமில் அடித்திருக்கும் எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் பலரும் முதலில் நினைப்பார்கள். பழைய ராலிகளில் அந்த எண் அவ்வளவாக உதவுவதில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆலை பல பெயர்களில் பெருவாரியாகச் சைக்கிள்களைச் செய்து தள்ளியது. எந்த எண் எந்த ஆண்டுக்கு உரியது என்று முழுமையாகச் சொல்லும் பட்டியல் கிடைப்பதில்லை. ஆகவே மூன்று சாட்சிகளைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்: ஃபிரேமில் உள்ள எழுத்துகள், பிரேக், கியர். எழுத்துகள் யார் செய்தது என்பதைச் சொல்லும். கியர் எப்போது என்பதைச் சொல்லும். கியர் சொல்வதை நம்பலாமா என்பதற்குப் பிரேக் பதில் தரும்.

எழுத்துகளிலிருந்து தொடங்குவோம். அந்தக் காலத்துப் பொன்னிற எழுத்துகள் இன்றைய ஸ்டிக்கர் அல்ல. மெல்லிய தாளிலிருந்து பெயின்டின் மேல் படிய வைத்து, அதன்மேல் வார்னிஷ் பூசியிருப்பார்கள். நகத்தால் வருடினால் விளிம்பு தட்டுப்படாது. வயதானதும் வார்னிஷ் மஞ்சளாகி நுண்ணிய வெடிப்புகள் ஓடும். இப்போது விற்பனைக்கு வரும் நகல் எழுத்துகளில் விளிம்பு விரலில் தட்டும், நிறமும் சீராக இருக்கும். அசலா நகலா என்பது தெரிந்த பிறகே அங்கே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு இந்தத் தொழிலின் வரலாறே காரணம். ராலி நிறுவனம் 1932இல் ஹம்பரையும், 1943இல் ரட்ஜையும், 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிள் பிரிவையும் வாங்கியது. 1960இல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் சைக்கிள் பிரிவோடு இணைந்தபோது ஹெர்குலஸ், பிலிப்ஸ் பெயர்களும் அதன் கீழ் வந்தன. ஆகவே இங்கிலாந்தில் செய்த பி.எஸ்.ஏ. சைக்கிள் ஒன்று 1957க்கு முந்தையதா பிந்தையதா என்பதைப் பொறுத்து, அதைச் செய்த கைகளே வேறு. பெயரைத் தாண்டிப் பார்க்க பெடல் பக்கத்துப் பெரிய பல்சக்கரம் உதவும். ராலியின் சக்கரத்தில் நாரை உருவமும், ரட்ஜில் கை உருவமும், ஹம்பரில் மனித உருவங்களும் வெட்டப்பட்டிருக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் பெடல் அச்சு உட்காரும் கிண்ணத்தின் மரையைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் மற்ற ஆலைகளில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரை. ராலி தனக்கென்று 26 மரை வைத்திருந்தது. பழுதுபார்க்கும் கடையில் புதுக் கிண்ணம் இரண்டு சுற்றுக்கு மேல் ஏறாமல் இறுகினால், அது ராலி ஆலை ஃபிரேமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம்.

இனி கியர். நான் மிகவும் நேசிக்கும் இயந்திரம் இதுதான்.

நாட்டிங்ஹாமின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த மூன்று கியர் ஹப்பின், அதாவது பின்சக்கரத்தின் நடுவில் கியர்களை அடக்கியிருக்கும் பாகத்தின், பெயர் 'ஏடபிள்யூ'. ஹப்பின் உருளை மேல் அந்த எழுத்துகளையும் பக்கத்தில் எண்களையும் பொறித்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஹப்புகளில் இரண்டு எண்கள் இருக்கும். 56, 4 என்றிருந்தால் 1956 ஏப்ரல். 1930களின் ஹப்புகளில் ஒற்றை இலக்கம் மட்டும். 8 என்றால் 1938. எண்ணெயும் புழுதியும் படிந்து இறுகிய அடுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் பெரும்பாலும் எழுத்து தெரிந்துவிடும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், முலாமோடு எழுத்தும் போய்விடும்.

எழுத்து அழிந்துபோயிருந்தால்? அப்போதும் ஹப்பே தன்னைச் சொல்லும். அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஹப்பின் நடுவே, அசையாத அச்சோடு சேர்ந்தபடி 20 பற்கள் கொண்ட ஒரு சக்கரம் இருக்கிறது. இது சூரியன். அதைச் சுற்றி 20 பற்கள் கொண்ட நான்கு கோள்கள் ஒரு கூண்டில் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து தழுவிக்கொண்டு, உட்புறமாக 60 பற்கள் கொண்ட ஒரு வளையம். செயினிலிருந்து வரும் விசையைச் சிலுவை வடிவக் கிளட்ச் ஒன்று கூண்டுக்கோ வளையத்துக்கோ கொடுக்கும். கேபிள் அந்தக் கிளட்சை இடம் மாற்றுகிறது.

கேபிள் தளர்ந்திருக்கும்போது கிளட்ச் கூண்டைச் சுற்றுகிறது. கூண்டு ஒரு சுற்று சுற்றினால் வளையமும் அதோடு ஒரு சுற்று போகும். அது மட்டுமல்ல, கோள்கள் அசையாத சூரியனின் 20 பற்கள் மேல் உருண்டு வருவதால், வளையத்தை மேலும் 20 பற்கள் தள்ளிவிடுகின்றன. 60இல் 20 என்பது மூன்றில் ஒரு பங்கு. ஆக நாம் ஒரு சுற்று கொடுத்தால் வளையம் ஒன்றேமூன்றில் ஒரு சுற்று சுற்றும். வளையம் சக்கரத்தை இழுக்க, மூன்றாவது கியர் கிடைக்கிறது. கேபிளைக் கொஞ்சம் இழுத்தால் கிளட்ச் வளையத்தையே நேராகச் சுற்றும், வளையம் சக்கரத்தைச் சுற்றும்: ஒன்றுக்கு ஒன்று, இரண்டாவது கியர். இன்னும் இழுத்தால் கிளட்ச் வளையத்தைச் சுற்றியபடியே, வளையத்துக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள பிடிநகங்களை விலக்கிவிடும். இப்போது கூண்டுதான் சக்கரத்தை இழுக்க வேண்டும். முன்பு நடந்தது தலைகீழாகிறது. ஒரு சுற்றுக்கு முக்கால் சுற்றுதான். மேடேற முதல் கியர் வந்துவிட்டது. ஒரே பற்கள், ஒரே கோள்கள். விசை எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் வெளியேறுகிறது என்பதை மாற்றியே மூன்று வேகங்களையும் பெற்றிருக்கிறார்கள்! பொறியியல் கல்லூரிகளில் இதைக் கரும்பலகையில் வரைந்து முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு பழைய ஹப்பைக் கழற்றி மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.

அந்த விகிதமே அடையாளச் சோதனையும் ஆகிறது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்பல்சக்கரத்தின் ஒரு பல்லில் நூல் கட்டி, டயரில் சாக்பீஸ் கோடு போடுங்கள். மூன்றாவது கியரில் பல்சக்கரத்தை மூன்று முறை சுற்றினால், ஏடபிள்யூ ஹப்பில் டயர் சரியாக நான்கு முறை சுற்றும். முதல் கியரில் நான்குக்கு மூன்று. அதே நிறுவனத்தின் 'ஏஎம்' ஹப்பில் மூன்று சுற்றுக்கு டயர் ஏறக்குறைய மூன்றரைதான் சுற்றும். காதும் உதவும்: இரண்டாவது, மூன்றாவது கியர்களில் மிதிக்கும்போது கூண்டின் பிடிநகங்கள் 'டிக் டிக்' என்று தாவும், முதல் கியரில் மிதிக்கும்போது ஒலி இருக்காது. இந்தச் சோதனை ஹப்பின் வகையைத்தான் சொல்லும், ஆண்டைச் சொல்லாது.

பொறித்த ஆண்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. அது உருளையின் ஆண்டு மட்டுமே. ஏடபிள்யூவின் உள்பாகங்கள் பல பத்தாண்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் வகையில் செய்யப்பட்டவை. சக்கரத்தையே மாற்றியிருந்தாலோ, ஹப் ஃபிரேமின் வயதைச் சொல்லவே சொல்லாது.

இங்கேதான் பிரேக் வருகிறது. கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை, அதாவது ஆரக்கம்பிகள் நுழையும் பக்கத்தை, அழுத்துகின்றன. அதற்கு வெஸ்ட்வுட் வகை ரிம் வேண்டும்; அதன் பக்கங்கள் உருண்டவை, உட்புறத்தில் கட்டை பதிவதற்கு இரு தளங்கள் இருக்கும். கேபிளால் இயங்கும் பிரேக்கோ ரிம்மை இருபுறமும் கவ்வும். அதற்குத் தட்டையான பக்கம் வேண்டும். கம்பி பிரேக் ராலியில் வழக்கமாக 28க்கு ஒன்றரை அங்குல டயர், கேபிள் பிரேக் உள்ள 'ஸ்போர்ட்ஸ்' வகையில் 26க்கு 1 3/8 அங்குல டயர். ஆகவே பிரேக் மாடலைச் சொல்கிறது. ரிம் பிரேக்கோடு பொருந்தாவிட்டால் சக்கரம் வேறெங்கிருந்தோ வந்தது என்பதையும் சொல்கிறது. ஆரக்கம்பிகளையும் எண்ணுங்கள். பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன்னால் 32, பின்னால் 40. இரண்டிலும் 36 என்றால் 1970களிலோ பிறகோ செய்த சக்கரமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

யாழ்ப்பாணத்துச் சைக்கிளின் ஹப்பில் 56, 4 என்று தெளிவாகத் தெரிகிறது. இரண்டு ரிம்களும் வெஸ்ட்வுட், ஆரக்கம்பிகள் 32, 40. ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. ஒற்றை வேகச் சைக்கிளாக 1948இல் வாங்கி, பிறகு கியர் சக்கரம் பூட்டியிருக்கலாமே? கியர் கேபிளை மேல்குழாயில் தாங்கும் கவ்வியைத் தளர்த்திப் படமெடுக்கச் சொன்னேன். கவ்விக்கு அடியில் பெயின்ட் கறுப்பு மினுமினுப்போடு அப்படியே இருக்கிறது. சுற்றிலும் வெயிலில் மங்கியிருக்கிறது. சில ஆண்டுகள் ஓடிய பிறகு பூட்டியிருந்தால் அடியிலும் கீறலும் மங்கலும் இருந்திருக்கும். ஆகவே இந்தக் கியர் சைக்கிள் புதிதாக இருந்தபோதே வந்தது. ஹப் 1956 ஏப்ரலில் செய்யப்பட்டு, ஃபிரேமில் ஏறி, கப்பலில் கொழும்பு வந்து, கடையில் விற்க எடுத்த காலத்தையும் சேர்த்தால் 1956இன் பிற்பகுதி அல்லது 1957 என்பது என் கணிப்பு. 1948 பொருந்தவில்லை. குடும்பத்தில் வேறொரு சைக்கிளும் இருந்ததா என்று விசாரித்துப் பார்க்கலாம்.

அவர் கடிதத்தின் கடைசி வரியில், ஃபிரேமைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்கப்போவதாக எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம் என்று உடனே பதில் எழுதினேன். கவ்விக்கு அடியில் இருந்த அந்த ஒரு அங்குலக் கறுப்புதான் இந்த வழக்கை முடித்து வைத்தது. பளபளப்புக்காகப் பழைய சைக்கிள்களை இப்படி உரித்துவிடுவது இப்போது பெருகியிருக்கிறது. அதன்பின் நகல் எழுத்து ஒட்டி, நினைத்த ஆண்டைச் சொல்லி விற்கிறார்கள். துரு பரவாமலிருக்க மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தாலே போதும்.

தமிழ்நாட்டில் இதே சோதனையைச் செய்கிறவர்களுக்கு ஒன்று. இங்கே வீடுகளில் நிற்கும் ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்கள் பெரும்பாலும் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர் ஆலையில் செய்தவை. ராலி என்று எழுதியிருப்பதும் வங்கத்தின் ஆசன்சாலில் சென்-ராலி ஆலை செய்ததாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை ஒற்றை வேகம்; ஆண்டு பொறித்த ஹப் கிடையாது. எனவே இவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது பட்டயத்திலும் ஃபிரேம் எழுத்திலும் உள்ள ஊர்ப் பெயரும் நாட்டின் பெயரும்தான். அதன் பிறகு, வீட்டில் யாராவது பத்திரப்படுத்திய ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள்.