ட்ரெண்டிங் ஆடியோவுக்குக் கேப்ஷன் எழுதுமுன் அதன் முதல் வீடியோவைப் பாருங்கள்

கடைகளுக்கும் சின்ன நிறுவனங்களுக்கும் சமூக ஊடகப் பக்கம் நடத்திக் கொடுப்பது என் தொழில். இந்தப் பதிவை எழுத வைத்தது ஒரு கண்ணாடிக் கடை. கடைக்காரர் நல்ல மனிதர், யாரையும் நோகடிக்க நினைக்காதவர். அவர் காலையில் ஒரு ரீல் லிங்க்கை அனுப்பி, "ஏனுங்க மேடம், இந்த ஆடியோ பயங்கரமா ஓடுதுங்க, நாமளும் ஒண்ணு போட்டுறலாமுங்களா?" என்று கேட்டார். கேப்ஷனையும் அவரே எழுதி வைத்திருந்தார்: "கண்ணாடி மாத்தலைன்னா இப்படித்தான் ஒண்ணும் தெரியாது! இன்றே வாங்க, 20% தள்ளுபடி."

அந்த ஆடியோவில் ஒரு பெண் அழுதுகொண்டே "ஒண்ணும் தெரியலயே" என்கிறார். அதை வைத்து கருகிய தோசை, தேர்வுக் கேள்வித்தாள், மூன்றாம் தேதியே காலியான சம்பளம் என்று ஊரே ரீல் போட்டிருந்தது. கேட்டால் சிரிப்பு வருகிறது என்பதும் உண்மைதான். நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். ரீலின் கீழே ஓடும் ஆடியோ பெயரைத் தொட்டேன். அந்த ஆடியோவுக்கான தனிப் பக்கம் வந்தது. Original audio என்று போட்டு ஒரு மீம் பக்கத்தின் பெயர் இருந்தது. அதாவது அந்த மீம் பக்கம் எங்கிருந்தோ வெட்டி எடுத்து ஏற்றியிருக்கிறது; மூலம் அதுவல்ல. அப்புறம் அந்தப் பெண் பேசும் சொற்களை அப்படியே யூடியூப் தேடலில் போட்டேன். ஒரு செய்திச் சேனலின் பழைய வீடியோ கிடைத்தது. மழையில் சுவர் இடிந்த வீட்டின் முன் நின்று, "பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்க போறதுன்னே ஒண்ணும் தெரியலயே" என்று அவர் மைக்கின் முன் அழுகிறார். முன்பாதியை வெட்டிவிட்டு ஊர் சிரித்துக்கொண்டிருக்கிறது.

பத்து நிமிட வேலை. லிங்க்கைக் கடைக்காரருக்கு அனுப்பினேன். "ஐயோ, வேண்டாமுங்க" என்று உடனே பதில் வந்தது. எல்லாரும் இவரைப்போல இருந்துவிட்டால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும் பதில் வேறு: "எல்லாரும்தானே போட்டிருக்காங்க?"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. எல்லாரும் போட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஆடியோ பரவியிருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. அது எதைப் பற்றியது என்று யாரும் பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. தெருவில் பந்தலைப் பார்த்ததும் கல்யாண வீடு என்று நுழைந்து "மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்கிற கதை இது. பந்தல் சாவு வீட்டுக்கும்தான் போடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரிப் பையன் அந்த ஆடியோவைப் போட்டுத் தன் கருகிய தோசையைக் காட்டும்போது அவன் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்கிறான். அதையும் நான் நல்ல ரசனை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவன் எதையும் விற்கவில்லை. கடை போடும்போது கடைசியில் ஒரு தள்ளுபடி வருகிறது. அந்த நொடியிலிருந்து ஒருவரின் அழுகை உங்கள் விளம்பரத்துக்குப் பின்னணி இசை. அதே ஆடியோ, அதே நகைச்சுவை. ஆனால் போட்டவர் மாறியதும் அர்த்தம் மாறிவிட்டது. இதைப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது.

பெரிய நிறுவனங்களும் இதில் விழுந்திருக்கின்றன. 2014 செப்டம்பரில் ட்விட்டரில் #WhyIStayed என்ற ஹேஷ்டேக் ஓடியது. ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரர் தன் துணையை லிஃப்டில் அடித்த வீடியோ வெளியாகி, "அந்தப் பெண் ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாள்?" என்று பலர் கேட்டபோது, அடி வாங்கிய பெண்கள் தாங்கள் ஏன் விலகாமல் இருந்தோம் என்று எழுதத் தொடங்கிய இடம் அது. டிஜியோர்னோ என்ற உறைபீட்சா நிறுவனம், பீட்சா இருந்ததால்தான் இருந்தேன் என்ற தொனியில் அதில் ஒரு ட்வீட் போட்டது. எழுதியவர் ஹேஷ்டேக் எதைப் பற்றியது என்று பார்க்கவே இல்லை என்று பிறகு அந்தக் கணக்கே ஒப்புக்கொண்டது. கவனியுங்கள், அந்த வரியில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. தனியாக எடுத்துப் படித்தால் சாதாரண பீட்சா ஜோக். அதனால்தான் "வரியில என்ன தப்பு?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்த உதாரணத்தைச் சொல்கிறேன்.

சரி, மூலத்தைப் பார்த்தாயிற்று, அழுகை இல்லை, சாவு இல்லை. அடுத்து நான் பார்ப்பது, அந்த மீமில் எத்தனை இருக்கைகள் இருக்கின்றன, நம் கிளையண்ட் எதில் உட்காருகிறார் என்பது. காதலியின் கையைப் பிடித்தபடி நடந்துபோகும் ஒருவன் திரும்பி வேறொரு பெண்ணைப் பார்க்கிற படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் மூன்று இருக்கைகள். ஸ்வீடனில் பான்ஹோஃப் என்ற இணையச் சேவை நிறுவனம் ஆள் எடுப்பதற்கு 2018இல் இதைப் பயன்படுத்தியது. பையனுக்கு "நீங்கள்", காதலிக்கு "இப்போது வேலை பார்க்கும் இடம்", கடந்து போகும் பெண்ணுக்கு நிறுவனத்தின் பெயர். அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, பெண்களை மாற்றிக்கொள்ளும் பொருளாகக் காட்டும் விளம்பரம் இது என்று தீர்ப்பளித்தது. நிறுவனம் சொன்ன சமாதானம், இணையத்தில் புழங்குபவர்களுக்கு இந்த மீமை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியும் என்பது. நம்மூர் "எல்லாரும்தானே" ஸ்வீடன் வரைக்கும் போயிருக்கிறது!

தீர்ப்பை விடுங்கள். வேலை தேடி வருகிறவரைத் துரோகி இருக்கையில் உட்கார வைத்துவிட்டு "வாங்க" என்று கூப்பிடுவது என்ன அழைப்பு? தமிழ் டெம்ப்ளேட்டுகளில் இது இன்னும் அதிகம் நடக்கும். அடி வாங்குகிற இருக்கையில் வாடிக்கையாளர், நக்கலடிக்கிற இருக்கையில் கடை. நிறத்தையோ உடம்பையோ திக்குவாயையோ கேலி செய்யும் காட்சி என்றால் கேட்கவே வேண்டாம், தொடாதீர்கள்.

இருக்கை சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 மே மாதத்து நேசமணியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பொறியியல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, நம் ஆள் ஒருவர் வடிவேலு கதாபாத்திரத்தின் தலையில் சுத்தியல் விழுந்த கதையை நிஜம்போல எழுத, #Pray_for_Neasamani உலக அளவில் ட்ரெண்ட் ஆனது. நேசமணி கற்பனை, காயம் கற்பனை, புண்படுவதற்கு ஆளே இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் பொருந்தியதா? ஹார்டுவேர் கடைக்குப் பொருந்தும்: "சுத்தியல் எங்களிடம் உண்டு. ஹெல்மெட்டும் உண்டு. நேசமணி சார் இரண்டாவதை முதலில் வாங்கியிருக்கலாம்." கடை தன் பொருளைப் பற்றியே பேசுகிறது, தன்னையும் கொஞ்சம் கிண்டலடித்துக்கொள்கிறது. வங்கிக்கு, காப்பீட்டைப் பற்றி ஒரு வரி எழுதலாம், ஆனால் வழக்கமாக "வணக்கம், அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று எழுதும் பக்கம் அன்றைக்கு மட்டும் "தலைவா எந்திரி" என்று ஆரம்பித்தால் ஹேக் ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பக்கத்தின் குரலிலேயே எழுத முடியவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். மூளை நரம்பியல் மருத்துவமனை "எங்களிடம் கொண்டு வாருங்கள்" என்று போட்டால்? நிஜமாகவே தலைக்காயத்தோடு உள்ளே படுத்திருப்பவரின் தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மருத்துவமனைகளுக்கு நான் எப்போதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: காத்திருக்கிற குடும்பம் இதைப் படித்தால் என்ன நினைக்கும்?

பாட்டு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விவாதமே இல்லை. இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்குக்குப் பிரபலப் பாடல்கள் பல கிடைக்காமல் இருப்பது கோளாறு அல்ல. விளம்பரத்துக்கு உரிமம் இல்லாததால்தான். பாட்டைப் பதிவு செய்து சொந்த ஆடியோ மாதிரி ஏற்றுவது குறுக்கு வழி அல்ல, குழி. ஒலி நின்றுபோகும், பதிவு நீக்கப்படும், பணம் கொடுத்து பூஸ்ட் செய்யப் போனால் மறுக்கப்படும். சமூக ஊடக வீடியோவில் அனுமதியில்லாமல் தங்கள் பாட்டைப் போட்டதாகச் சொல்லி, சில்லீஸ் உணவகங்களை நடத்தும் நிறுவனத்தின் மீது பீஸ்டி பாய்ஸ் குழுவினர் 2024இல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். நடிகர் முகத்தை வைத்து விற்பதற்கும் இதே எச்சரிக்கைதான். ரஜினிகாந்தின் பெயரையும் சாயலையும் அவர் அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015லேயே சொல்லிவிட்டது. ரசிகர் பக்கம் தப்பித்துக்கொள்ளும், கடை மாட்டும்.

கேப்ஷன் எழுதும்போது தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள். ஆடியோவில் ஏற்கெனவே சொன்னதைக் கேப்ஷனில் திரும்ப எழுதாதீர்கள். முதல் வரியிலேயே உங்கள் தொழில் தெரிய வேண்டும், ஏனென்றால் மீதி "more" என்பதற்குள் ஒளிந்துவிடும். ஆடியோவை நீக்கிவிட்டுக் கேப்ஷனை மட்டும் படித்துப் பாருங்கள். ட்ரெண்ட் தெரியாத உங்கள் அத்தைக்கு அது கொடூரமாகத் தெரிந்தால் கொடூரம்தான். ஒப்புதல் வாங்க நான்கு நாள் ஆகும் நிறுவனம் என்றால் ட்ரெண்டை மறந்துவிடுங்கள், நீங்கள் வரும்போது பந்தியே முடிந்திருக்கும். நிஜ மனிதர் யாராவது மாட்டிக்கொண்ட வீடியோ என்றால் ஒதுங்குங்கள். 2025 ஜூலையில் கோல்ட்ப்ளே கச்சேரித் திரையில் இருவர் சிக்கிய வீடியோவை எத்தனை பிராண்டுகள் ஜோக்காக்கின! அவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எழுதியவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றியது என்று தெரியவில்லை.

மீறிப் போட்டு மாட்டிக்கொண்டால் உடனே நீக்குங்கள். கமெண்டை மட்டும் மூடிவிட்டுப் பதிவை வைத்திருக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் ஏற்கெனவே போய்விட்டது. அடுத்து, ஜோக் இல்லாமல், ஈமோஜி இல்லாமல், "யாராவது புண்பட்டிருந்தால்" என்ற இழுவை இல்லாமல் இரண்டு வரி: என்ன போட்டோம், ஏன் தவறு, நீக்கிவிட்டோம். டிஜியோர்னோ செய்த ஒரு சரியான காரியம், திட்டியவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மன்னிப்புக் கேட்டது. ஒரே வரியை நகலெடுத்து ஒட்டாமல், ஒவ்வொருவருக்கும் அவர் சொன்னதைப் படித்துவிட்டு எழுதுங்கள். அடுத்த இரண்டு நாளுக்குப் பக்கத்தில் வேறு தள்ளுபடி எதையும் போட வேண்டாம், ஏற்கெனவே நேரம் குறித்து வைத்த பதிவுகளையும் நிறுத்திவிடுங்கள்.