4.2 வோல்ட் வந்தாச்சு, அப்புறமும் ஏன் சார்ஜ் ஏறிட்டே இருக்கு?

லித்தியம் அயன் செல் ஒண்ண சார்ஜ்ல போட்டு மல்டிமீட்டரும் மாட்டி பாத்துட்டு உக்காந்தீங்கன்னா, ஒரு கட்டத்துல 4.2 வோல்ட் வந்து அப்படியே நின்னுடும், ஆனா சார்ஜர்ல சிவப்பு லைட் மட்டும் அணையவே அணையாது. நிறைய பேர் சார்ஜர் போயிடுச்சுன்னு நெனச்சு கழட்டிடறாங்க. அது போகல, பாதி வேலைல இருக்கு.

ஒரு உதாரணமா 2500 மில்லிஆம்பியர் அவர் 18650 செல் எடுத்துக்குவோம், இப்போ 3.3 வோல்ட்ல கெடக்கு. சார்ஜர் முதல்ல கரண்ட்டத்தான் பிடிச்சு வெக்கும், 1.25 ஆம்பியர்னா அதே 1.25 தான், வோல்டேஜ் தன்னால மெல்ல ஏறும். கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரத்துல முனையில 4.2 காட்டும். ஆனா செல்லுக்குள்ள ஒரு தடை இருக்கு, அயனிகள் நகர்ற தாமதத்தையும் சேத்து தோராயமா 0.1 ஓம்னு வெச்சுக்கங்க. 1.25 ஆம்பியர் அது வழியா போனா 0.125 வோல்ட் அங்கயே விழுந்துடும். அப்போ மீட்டர்ல 4.2 தெரிஞ்சாலும் செல் உள்ளுக்குள்ள 4.08 கிட்டதான் இருக்கு, நெறஞ்சது சுமார் 80 சதவீதம்தான்.

இந்த இடத்துல அதே கரண்ட்ட விடாம தள்ளினா முனை வோல்டேஜ் 4.2-ஐ தாண்டிடும், அதுதான் ஆபத்து. செல்லோட மைனஸ் தகட்டுல இருக்கற கிராஃபைட்டுக்குள்ள எடம் கெடைக்காத லித்தியம் அதோட மேல உலோகமாவே படிய ஆரம்பிக்கும், இன்னொரு பக்கம் எலக்ட்ரோலைட்டும் சிதையும். அதனால சார்ஜர் இப்போ வோல்டேஜ 4.2-ல பூட்டிடும். கரண்ட்ட அது வேணும்னு குறைக்கறதில்ல, உள்ள 4.10 ஆனதும் வித்தியாசம் 0.1 வோல்ட்தான், அதனால 1 ஆம்பியர்தான் போகும், 4.15 ஆனா அரை ஆம்பியர், இப்படி செல் நெறைய நெறைய கரண்ட் தன்னால தேஞ்சுட்டே வரும். கடைசி 20 சதவீதத்துக்கு ஒரு மணி நேரம் ஆகறது இதனாலதான். 125 மில்லிஆம்பியர் மாதிரி இறங்கினதும் சார்ஜர் முழுசா நிறுத்திடணும், லெட் ஆசிட் பேட்டரிக்கு குடுக்கற மாதிரி சும்மா கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டே இருக்கறது இதுக்கு ஆகாது.

இப்போ பேட்டரி பேக்குக்குள்ள இருக்கற அந்த குட்டி புரொடெக்ஷன் போர்டுக்கு வருவோம். இத பத்திதான் தப்பான நம்பிக்கை அதிகம், போர்டு இருக்கே அது பாத்துக்கும்னு 5 வோல்ட் அடாப்டர நேரா மாட்டறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. அதுல சாதாரணமா வர்ற DW01A சிப் செல்ல துண்டிக்கறது 4.3 வோல்ட்ல, 4.2-ல இல்ல. கரண்ட்ட பிடிச்சு வெக்கறதோ வோல்டேஜ பூட்டறதோ அதுக்கு தெரியாது, தெரிஞ்சது ஒரு கதவ திறக்கறதும் மூடறதும்தான். சார்ஜர் கோளாறானா கடைசியா நிக்கற காவல் அது, அத தினமும் சார்ஜரா வேலை வாங்கினா செல் ஒவ்வொரு தடவையும் 4.3 வரைக்கும் போய்ட்டு வரும்.

அந்த கதவுங்கறது செல்லோட மைனஸ் பக்கம் எதிரெதிரா வெச்ச ரெண்டு மாஸ்ஃபெட். ஒண்ணு சார்ஜ் ஏறறத தடுக்கும், இன்னொண்ணு இறங்கறத தடுக்கும். ஏன் ரெண்டுன்னா, ஒவ்வொரு மாஸ்ஃபெட்டுக்குள்ளயும் ஒரு டயோடு இருக்கு, மூடினாலும் ஒரு திசையில கரண்ட் கசிஞ்சு போயிடும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, குறையா தெரியற அந்த டயோடுதான் செத்துப்போன பேக்கை எழுப்பவும் உதவுது.

போன மாசம் ரொம்ப நாள் தொடாத ஒரு டார்ச்ச எடுத்தேன், எரியல. பேக்கோட P+, P- முனையில வெச்சு பாத்தா கிட்டத்தட்ட பூஜ்யம், சரி முடிஞ்சுதுன்னு தூக்கிப் போட்டிருப்பேன், ஆனா ஒறைய பிரிச்சு B+, B-, அதாவது செல்லோட சொந்த முனையில வெச்சேன், 2.35 வோல்ட். 2.4-க்கு கீழ போனதும் போர்டு இறங்கற கதவ மூடிட்டுது, அவ்வளவுதான். TP4056 சார்ஜர்ல மாட்டினேன், மூடின மாஸ்ஃபெட்டோட டயோடு வழியாவே சார்ஜ் ஏற ஆரம்பிச்சது. 2.9 வோல்ட் வர்ற வரைக்கும் அந்த சார்ஜர் முழு 1 ஆம்பியர குடுக்காது, பத்துல ஒரு பங்கு மாதிரி மெதுவாத்தான் ஊட்டும், அப்புறம்தான் முழு கரண்ட். செல் சூடாகல, சார்ஜ் முடிஞ்சு ஒரு ராத்திரி சும்மா வெச்சும் வோல்டேஜ் இறங்கல, அதனால திரும்ப டார்ச்ல போட்டேன்.

அதே எடத்துல 1.5 வோல்ட் மாதிரி காட்டி, அப்படியே பல வாரம் கெடந்திருந்தா எழுப்பியிருக்க மாட்டேன். அவ்வளவு கீழ போனா உள்ள இருக்கற செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும், திரும்ப சார்ஜ் ஏத்தறப்போ அந்த செம்பு கண்ட எடத்துல படிஞ்சு உள்ளயே ஷார்ட் ஆகலாம். அத எந்த போர்டாலயும் தடுக்க முடியாது, ஏன்னா போர்டோட கதவு செல்லுக்கு வெளிய இருக்கு.