நான்குக்கு இரண்டு: அந்த இரண்டு எங்கிருந்து வந்தது?

“காற்று வீசும்போது ஈரத்துணி சீக்கிரம் உலர்வது ஏன்?” நான்கு மதிப்பெண் கேள்வி. மாணவர் மூன்று வரி எழுதுகிறார், ஆசிரியர் ஓரத்தில் 2 என்று போடுகிறார். எந்த இரண்டு கிடைத்தது, எந்த இரண்டு போனது என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில நாள் கழித்துக் கேட்டால் போட்டவருக்கே நினைவிருக்காது. கருத்துக்கு ஒரு மதிப்பெண் என்று விடைக்குறிப்பு வைத்துத் திருத்துவது இதற்காகத்தான்.

1913-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு 28-இலிருந்து 95 வரை மதிப்பெண் வந்தது. கணக்குத் தாளுக்கே இந்த நிலை என்றால், சொந்த நடையில் எழுதும் அறிவியல் விடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, துணிக்கு வருவோம். நம் விடைக்குறிப்பில் நான்கு கருத்துகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் மிகுந்த நீர் மூலக்கூறுகள் மேற்பரப்பை விட்டு வெளியேறுகின்றன என்பது முதல் கருத்து. காற்று அசையாதபோது துணியை ஒட்டி நீராவி சேர்ந்துவிடுகிறது என்பது இரண்டாவது. வீசும் காற்று அந்த ஈரக்காற்றை அகற்றுகிறது என்பது மூன்றாவது. அதனால் துணிக்குத் திரும்பி வரும் மூலக்கூறுகள் குறைகின்றன என்பது நான்காவது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கூற்று. ‘உண்டு’, ‘இல்லை’ என்று மட்டும் பதில் சொல்லும் அளவுக்குச் சிறியது. ஒரு கருத்துக்கு அரை மதிப்பெண் போடலாமா என்ற எண்ணம் அடிக்கடி வந்தால், பெரும்பாலும் அதற்குள் இரண்டு கருத்துகள் ஒளிந்திருக்கும். அதை உடைத்துவிடுவது நல்லது.

இப்போது ஒரு மாணவரின் விடை: “காற்று வீசினால் துணி வேகமாகக் காயும். துணிக்குப் பக்கத்தில் தேங்கி நிற்கும் ஈரக்காற்றை அது அடித்துக்கொண்டு போய்விடும். காற்று துணிக்கு வெப்பமும் தருகிறது.”

முதல் வாக்கியத்துக்கு எதுவும் இல்லை. கேள்வியைத்தான் திருப்பிச் சொல்லியிருக்கிறார். புதிதாகத் திருத்த வருபவர்கள் வழுக்கும் இடம் இது. வாக்கியம் உண்மையாக இருப்பதால் கை தானாகச் சரி போட்டுவிடும். இரண்டாவது வாக்கியத்தில் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. ‘தேங்கி நிற்கும் ஈரக்காற்று’ என்பது இரண்டாம் கருத்து, ‘அடித்துக்கொண்டு போய்விடும்’ என்பது மூன்றாம் கருத்து. ஒரே வாக்கியம் இரண்டு மதிப்பெண் வாங்கலாம், அதில் உண்மையிலேயே இரண்டு கூற்றுகள் இருந்தால். கடைசி வாக்கியம் குறிப்பில் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்னொருவர் விடை: “நீர் மூலக்கூறுகள் ஆற்றல் பெற்று மேற்பரப்பிலிருந்து வெளியேறும். ஈரப்பதம், காற்றோட்டம், ஆவியாதல் வீதம், சமநிலை ஆகியவையே காரணம்.” பார்க்க எடுப்பாக இருக்கிறது, கலைச்சொல் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது வாக்கியம் எந்தக் கூற்றையும் முன்வைக்கவில்லை, பெயர்களை அடுக்குகிறது. ஈரப்பதம் எங்கே அதிகம்? காற்றோட்டம் எதை என்ன செய்தது? பதில் இல்லை. முதல் கருத்துக்கு 1, மொத்தம் 1. சொற்களைத் தேடித் திருத்துபவர் கையில் இவர் முந்தைய மாணவரை எளிதாக முந்தியிருப்பார். சொல்லைத் தேடாமல் கூற்றைத் தேடுவதுதான் இந்த முறையின் உயிர்.

இதற்கு நல்ல கடிவாளம் ஒன்று உண்டு. மதிப்பெண் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், மாணவரின் எந்தச் சொற்கள் அதை ஈட்டின என்று அடிக்கோடிட வேண்டும். கோடு போட இடம் கிடைக்கவில்லையென்றால் மதிப்பெண் இல்லை. ‘இவருக்குத் தெரிந்திருக்கும்’ என்ற நம்பிக்கைக்குக் கோடு போட முடியாதல்லவா? மாணவருக்குத் திருப்பித் தருவதும் இதே வடிவில் இருக்கும்: கருத்து 2, மதிப்பெண் 1, ஈட்டிய சொற்கள் ‘தேங்கி நிற்கும் ஈரக்காற்று’, கருத்து 4, மதிப்பெண் 0, நீர் துணிக்குத் திரும்புவது பற்றி எதுவும் எழுதவில்லை.

அப்புறம், உண்மையான தலைவலி. மூன்றாவது மாணவர் ஒரே வரி எழுதுகிறார்: “காற்று அடித்தால் ஆவி கலைந்துபோகும், திரும்பத் துணிக்குள் வராது.” மூன்றும் நான்கும் கிடைத்துவிட்டன. இரண்டாவது? கலைய வேண்டுமென்றால் முதலில் சேர்ந்திருக்க வேண்டுமே என்பார் ஒரு ஆசிரியர். அதைச் சொல்லவில்லையே என்பார் மற்றவர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. குறிப்புத்தான் வாய் திறக்கவில்லை.

இப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்க, ஒரே 50 விடைகளை இருவர் தனித்தனியாகத் திருத்திக் கருத்துவாரியாக ஒப்பிடுவார்கள். இரண்டாம் கருத்துக்கு இருவருமே கொடுத்தவை 30, இருவருமே மறுத்தவை 8, முதலாமவர் மட்டும் கொடுத்தவை 7, மற்றவர் மட்டும் கொடுத்தவை 5 என்று கொள்வோம். முதலாமவர் மொத்தம் 37 கொடுத்தார், மற்றவர் 35. சராசரியைப் பார்த்தால் இருவரும் இரட்டையர் போலத் தெரிவார்கள். ஆனால் 12 விடைகளில் அவர்கள் ஒத்துப்போகவே இல்லை.

மீதி 38-இல் ஒத்துப்போனார்கள், அதாவது 76 சதவீதம். பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் இருவருமே தாராளமாகக் கொடுப்பவர்கள் என்பதால், கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருந்தாலும் 60 சதவீதம் அளவுக்குத் தற்செயலாகவே பொருந்தியிருக்கும். அந்தத் தற்செயல் பங்கைக் கழித்துச் சொல்லும் அளவை ‘கப்பா’ என்பார்கள். ஜேக்கப் கோஹன் 1960-இல் முன்வைத்தது.

```
(0.76 − 0.596) / (1 − 0.596) ≈ 0.41
```

முழு ஒற்றுமை என்றால் 1, வெறும் தற்செயல் என்றால் 0. இங்கே பாதிகூட வரவில்லை. மொத்த மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது வெளியே வந்தே இருக்காது, ஏனென்றால் ஒருவர் இரண்டாம் கருத்துக்குக் கொடுத்து நான்காவதில் மறுப்பார், மற்றவர் தலைகீழாகச் செய்வார், கூட்டினால் சமமாகிவிடும்.

இந்த 0.41-ஐப் பார்த்து ஆசிரியர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ‘ஆவி கலைகிறது, விலகுகிறது என்று மட்டும் இருந்தால் இரண்டாம் கருத்துக்கு ஏற்க வேண்டாம்; சேர்ந்திருந்தது என்ற பொருள் வர வேண்டும்.’ ஏற்கலாம் என்றுகூட முடிவெடுக்கலாம். ஏதாவது ஒன்றை எழுதிவைப்பதுதான் முக்கியம். பிறகு ஏற்கெனவே திருத்திய தாள்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அதை விட்டால், காலையில் திருத்தப்பட்டவருக்கு ஒரு சட்டம், மாலையில் திருத்தப்பட்டவருக்கு வேறு சட்டம் என்றாகிவிடும்.

முதல் மாணவரின் கடைசி வாக்கியம் பாக்கி இருக்கிறது: “காற்று துணிக்கு வெப்பமும் தருகிறது.” வழக்கமான விதிப்படி, குறிப்பில் இல்லாத தவறான கூற்று நான்கு கருத்துகளில் ஒன்றோடு மோதினால் அந்தக் கருத்தின் மதிப்பெண் மட்டும் போகும், எதோடும் மோதாவிட்டால் கண்டுகொள்ளாமல் கடந்துபோகலாம். இது எதோடும் மோதவில்லை. ஆனால் இது தவறுதானா? நீர் ஆவியாகும்போது துணி குளிர்ந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குறைந்த வெப்பநிலைக்குப் போகிறது. அப்போது வெப்பம் காற்றிலிருந்துதான் துணிக்குப் பாய்கிறது. காற்று வேகமாக வீசினால் அதிகமாகவே பாய்ந்து, ஆவியாதலுக்கு வேண்டிய ஆற்றலைத் தந்துகொண்டிருக்கிறது. மாணவர் எழுதியது சரி. குறிப்பை எழுதியவர்தான் அதை யோசிக்கவில்லை.

இந்த மாணவருக்கு இப்போது 2 கொடுப்பதா, 3 கொடுப்பதா? நான் குறிப்பில் ஐந்தாவது கருத்தைச் சேர்த்து, ஐந்தில் எந்த நான்கு இருந்தாலும் முழு மதிப்பெண் என்று மாற்றுவேன். இவருக்கு 3 கிடைக்கும். ‘துணியைக் காற்றைவிடச் சூடாக்குகிறது’ என்று எழுதியவருக்கு இந்த மதிப்பெண் இல்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டு, முதல் தாளிலிருந்து மறுபடி தொடங்குவேன்.