ஸ்டாட்டின்: பெயரில் ஒரு நிறுத்தம், அட்டையில் ஒரு மாலை

கொலஸ்டிராலுக்கான மாத்திரை அட்டையைத் திருப்பினால் வணிகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று ஏதாவது ஒன்று. தலை மாறும், வால் மாறாது. அந்த வாலை மட்டும் வெட்டி எடுத்துத்தான் 'ஸ்டாட்டின்' என்கிறோம்.

நிற்பது, நிறுத்துவது என்ற பொருள் தரும் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல் இது. ஸ்தானம், ஸ்திரம் என்று நாம் புழங்கும் வடசொற்களின் 'ஸ்தா' என்ற வேரும் அதற்கு உறவுதான். ஆக, ஸ்டாட்டின் என்றால் 'நிறுத்துவது'. எதை நிறுத்துவது என்பது பெயரில் இல்லை. அதனால்தான் கொலஸ்டிராலோடு தொடர்பே இல்லாத சோமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனிலும் இதே வால் இருக்கிறது. அது நிறுத்துவது வளர்ச்சி ஹார்மோன் சுரப்பதை. நிஸ்டாட்டின் கதை இன்னும் வேடிக்கை. பூஞ்சைத் தொற்றுக்கான அந்த மருந்து நியூயார்க் மாநிலத்தின் ஆய்வகத்தில் கிடைத்ததால், 'நியூயார்க் ஸ்டேட்' என்பதைச் சுருக்கி அந்தப் பெயரை வைத்தார்கள். அங்கே நிறுத்தமும் இல்லை, கொலஸ்டிராலும் இல்லை. குழப்பம் வேண்டாம் என்றால் 'வாஸ்டாட்டின்' வரை பார்க்க வேண்டும். மருந்துகளின் பொதுப்பெயர்களை முறைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனம் இந்தக் குடும்பத்துக்கென்று வைத்திருக்கும் வால் அதுதான்.

சரி, இவை எதை நிறுத்துகின்றன? நம் உடம்பில் இருக்கும் கொலஸ்டிராலில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே செய்துகொள்வது. கல்லீரல் அதில் முக்கியமான பட்டறை. அந்த வேலை பல படிகளில் நடக்கிறது. அதில் ஆரம்பத்திலேயே வரும் ஒரு படியைச் செய்து முடிக்கும் நொதியின் பெயர் எச்.எம்.ஜி-கோஏ ரிடக்டேஸ். மருந்து போய் உட்கார்ந்து அடைப்பது அந்த நொதியைத்தான். 1970களின் தொடக்கத்தில் அகிரா எண்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, பெனிசிலியம் வகைப் பூஞ்சை ஒன்றில் இப்படி அடைக்கும் பொருளைக் கண்டெடுத்தார். அது மாத்திரையாகக் கடைக்கு வரவில்லை. வேறொரு பூஞ்சையில் கிடைத்த லோவாஸ்டாட்டின்தான் 1987இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது.

உள்ளே உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் செல்களுக்குக் கொலஸ்டிரால் போதாமல் போகிறது. உடனே அவை தம் மேற்பரப்பில், இரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல் துகள்களைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூடுதலாக நட்டு, அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. சோதனை அறிக்கையில் எண் இறங்குவது இதனால்தான்.

இதை வைத்துப் பார்த்தால் பேச்சுவழக்கில் இருக்கும் 'கொழுப்பு கரைக்கிற மாத்திரை' பொருந்தாது. இது எதையும் கரைப்பதில்லை. 'கொழுப்புக் குறைப்பி' தப்பில்லை, ஆனால் விளைவை மட்டும் சொல்கிறது. வேறு வழியில் குறைக்கும் மருந்துகளுக்கும் அந்தப் பெயர் பொருந்திவிடும். மூலச்சொல்லின் 'நிறுத்து' என்ற கருத்தும் நடக்கிற வேலையும் சேர்ந்து வர வேண்டுமானால், 'கொலஸ்டிரால் ஆக்கத் தடுப்பி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கொலஸ்டிரால் என்பதையும் தமிழாக்கலாமே என்றால், 'கொழுப்பு' என்று போட்டதும் எண்ணெய், நெய், தொப்பை எல்லாம் உள்ளே வந்துவிடும். அதை அப்படியே விட்டது அதனால்தான்.

'ஆக்கம்' என்ற சொல் உள்ளே இருப்பதில் இன்னொரு வசதி, சில ஸ்டாட்டின்களை மாலையில் சாப்பிடுமாறு அட்டை சொல்வதற்கான காரணம் அதிலேயே இருக்கிறது. கல்லீரலின் கொலஸ்டிரால் ஆக்கம் நாள் முழுக்க ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பகலில் தணிந்து, நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. இரவுப் பணி செய்யும் பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து என்ற பூட்டு அந்த நேரத்தில் கதவில் இருக்க வேண்டும்.

சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 3 மணி நேரம் என்று எடுத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குப் போட்டால் இரவு 8-க்குள் நான்கு முறை பாதியாகி, பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நள்ளிரவில் நாற்பதில் ஒரு பங்கு. இரவு 9-க்குப் போட்டால் நள்ளிரவில் பாதி மிச்சம் இருக்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின் அப்படியில்லை, அது பாதியாகவே சுமார் 14 மணி நேரம் ஆகும். உடம்பில் அது மாறி உண்டாகும் பொருள்களும் அதே நொதியை அடைப்பதால் அதன் வேலை இன்னும் நீளும். காலை 8-க்குப் போட்டாலும் நள்ளிரவில் பூட்டு கதவில்தான் இருக்கும். ரோசுவாஸ்டாட்டினுக்குச் சுமார் 19 மணி நேரம். இந்த இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும்.

அட்டையில் வரும் 'மாலை' குடும்பத்தின் மூத்தவர்களுக்கான விதி. லோவாஸ்டாட்டினுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு: வெறும் வயிற்றில் அது சரியாக உறிஞ்சப்படாது. அதனால் மாலை உணவோடு என்றே சொல்வார்கள். வால் ஒன்றாக இருப்பதால், பின்னால் வந்த இளையவர்களுக்கும் அதே விதி என்று பலர் எண்ணிவிட்டார்கள்.

இங்கே தமிழில் ஒரு சிக்கல். இன்று மாலை என்றால் நமக்கு நான்கு, ஐந்து மணி நினைவுக்கு வரும். மருந்தட்டை நினைப்பது இரவுச் சாப்பாட்டையும் படுக்கும் நேரத்தையும். வேடிக்கை என்னவென்றால் நம் பழைய பொழுதுக் கணக்கு அட்டையோடு ஒத்துப்போகிறது. அதில் மாலை என்பது 6 முதல் 10 மணி வரை, அடுத்த நான்கு மணி நேரம் யாமம். மாலையில் விழுங்கினால் யாமத்தில் வேலை செய்யும். நாலு மணி வருவது மாலைக்கு முந்தைய எற்பாடு என்ற பொழுதில். அது மாலையே இல்லை. இன்றைக்கு அட்டையை மொழிபெயர்ப்பவர் யாமத்தைத் தேட வேண்டாம், 'இரவில்' என்று போட்டாலே போதும்.

சிம்வாஸ்டாட்டினைக் காலை மாத்திரைகளோடு சேர்த்துப் போடுகிறவருக்கு உடம்பில் எந்த அறிகுறியும் தெரியாது. அடுத்த சோதனையில் எல்.டி.எல் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கியிருக்காது, அவ்வளவுதான். அப்போது மருந்தளவைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது எத்தனை மணிக்குப் போடுகிறோம் என்பதை. நேரத்தை மாற்றுவதே போதுமா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. ஏற்கெனவே நட்ட ஏற்பிகள் ஒரே இரவில் காணாமல் போய்விடாது. சிம்வாஸ்டாட்டினிலிருந்து ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றப்பட்டவர் பழக்கத்தில் இரவிலேயே தொடர்ந்தாலும் கெடுதல் ஒன்றும் இல்லை. இரவில் தூக்கம் முந்திக்கொண்டு அடிக்கடி மறந்துபோகிறது என்றால், அவர் மட்டும் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.